பச்சை மண் பிள்ளையாரா, சுட்ட மண் பிள்ளையாரா?

இரண்டுமே மண்தான், வித்தியாசம் வாளியில் இறக்கும்போதுதான் தெரியும். சூளையில் சுட்டவர் பானை ஓடு மாதிரி, எத்தனை நாள் ஊறினாலும் கரைய மாட்டார். கிணற்றில் போட்டால் அடியில் அப்படியே கிடப்பார். வருடா வருடம் அவரையே வைத்துக் கும்பிடலாம், அதற்குச் சரி.

கரைக்க வேண்டுமென்றால் பச்சைக் களிமண்தான். கல் பொறுக்கி, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். ஈர விரலால் தடவி மூடலாம். வர்ணம் வேண்டாம், மஞ்சளும் சந்தனமும் போதும்.

பூஜை முடிந்ததும் எருக்கமாலையையும் குன்றிமணிக் கண்களையும் எடுத்துவிடுங்கள். குன்றிமணி விஷம், குழந்தைகள் கையில் சிக்கக் கூடாது. அப்புறம் வாளித் தண்ணீரில் மூழ்க வைத்தால், நன்றாகக் காய்ந்தவர் மளமளவென்று உதிர்ந்து சேறாவார். உள்ளே ஈரமிருந்தால்தான் தாமதம். சேற்றைப் பல செடிகளுக்குப் பிரித்து ஊற்றுங்கள். ஒரே தொட்டியில் கொட்டினால் மேல்மண் இறுகித் தண்ணீர் இறங்காது.