திருத்தப் பக்கமா, முழு மறுவெளியீடா?

குடிநீர் மாதிரியில் ஈயம் லிட்டருக்கு 0.004 மி.கி. என்று ஆய்வகத்திலிருந்து வாடிக்கையாளருக்கு அறிக்கை போய்விட்டது. அப்புறம்தான் தெரிகிறது, மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மை அளவு 0.04. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 0.01.

ஒரு பக்கத் திருத்தத்தை அனுப்பலாம். வேலை சீக்கிரம் முடியும். மாதிரி எடுத்த தேதி தவறு என்றால் இதுவே போதும். ஆனால் பழைய அறிக்கை வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் பலர் கைக்குப் போயிருக்கும். திருத்தப் பக்கம் அவ்வளவு தூரம் கூடவே போகாது.

முழு மறுவெளியீட்டுக்குப் புது எண் வேண்டும். எந்த அறிக்கைக்குப் பதிலாக வருகிறது, எந்த மதிப்பு, ஏன் மாறியது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. கையொப்பம், மறுஆய்வு என்று ஒரு நாள் இழுக்கும்தான். முடிவே தலைகீழாகும்போது நான் இதைத்தான் தேர்வேன்.

அதுவரை சும்மா இருக்கக் கூடாது. முதலில் தொலைபேசியில், "அந்த அறிக்கையை நம்பித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், திருத்தியது வருகிறது" என்று சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலும் எழுத வேண்டும். அதே தொகுதியில் நீர்க்கச் செய்த மற்ற மாதிரிகளையும் பார்த்துவிடுங்கள். தவறு பெரும்பாலும் தனியாக வராது.