பழைய ஆர்எக்ஸ் 580, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பழைய கிராபிக்ஸ் கார்டு தேடினால் ஒரு வசதி. மேற்கே பாலக்காட்டுக்காரர்கள் போடும் விளம்பரமும் வரும், வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர்க்காரர்கள் போடுவதும் வரும். ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கிராபிக்ஸ் கார்டை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபிறகு இந்தக் கார்டுகள் சந்தையில் கொட்டிக் கிடந்தன. கிட்டத்தட்ட எல்லாமே மைனிங்கில் ஓடியவை என்று தெரிந்துதான் இறங்கினேன்.

முதல் கார்டைப் பார்க்கப் பாலக்காடு போனேன். பெட்டி, பில் எல்லாம் சரி. கார்டின் விவரங்களைக் காட்டும் GPU-Z-ஐப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால், Shaders என்ற இடத்தில் 2048 என்று நின்றது. உண்மையான 580-க்கு அது 2304. பெயரில் 580 என்று இருந்தாலும், 2048 என்றால் அது வேலையில் 570-தான். ஒன்று, 2048SP என்று சீனச் சந்தைக்காக வந்த வகை. இல்லையென்றால் 570-இல் 580-இன் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, ஏற்றியிருப்பார்கள். விற்கிற பையனுக்கே இது தெரியவில்லை, பாவம். "சேட்டா, இது 580 தன்னே" என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். 570 விலைக்குக் கேட்டேன், ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன்.

இரண்டாவது கார்டு கோயம்புத்தூரில். 2304 இருந்தது, பத்து நிமிஷம் கேம் ஓட்டிப் பார்த்தேன், திரையில் புள்ளியோ கோடோ இல்லை. 5,800 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். வீட்டுக் கணினியில் மாட்டினால் டிரைவர் ஏறவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். விற்றவருக்குப் போன் போட்டேன்.

"அது மைனிங் பயாஸ்ங்க. பேட்சர்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டீங்கன்னா ஏறிடும்ங்க."

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். மைனிங் செய்பவர்கள் மெமரி வேகமாக ஓட வேண்டும் என்று பயாஸில் அதன் டைமிங்கை இறுக்கி எழுதுவார்கள். பயாஸ் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து ஏஎம்டி டிரைவர் ஏற மறுக்கிறது. அந்தச் சோதனையைத் தாண்டவைப்பதுதான் பேட்சரின் வேலை. அவருடைய கணினியில் ஏற்கெனவே அதைப் போட்டிருந்ததால் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

சரி என்று பேட்சரைப் போட்டேன், டிரைவர் ஏறியது. கணினியின் அளவீடுகளைக் காட்டும் HWiNFO-வைத் திறந்து GPU Memory Errors என்ற வரியைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பத்து நிமிஷக் கேமில் நூற்றைம்பதுக்குப் பக்கம், இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஜிடிடிஆர்5 மெமரிக்குப் போய்வரும் தரவு சரியாக வந்ததா என்று சரிபார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. தப்பாக வந்தால் திரும்ப அனுப்பச் சொல்லும். அதனால் பிழை கண்ணுக்குத் தெரியாமலே ஓடும். நான் செய்ததுபோல் பத்து நிமிஷம் கேம் ஓட்டிப் பார்ப்பது இதைக் காட்டாது.

பிழைக்குக் காரணம் இறுக்கிய டைமிங்கா, களைத்துப்போன மெமரிச் சில்லா? கார்டின் விளிம்பில் குண்டூசியால் தள்ளுகிற அளவுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. இரண்டு பயாஸ் உள்ள கார்டு! எல்லாக் கார்டிலும் இது இருக்காது. கணினியை அணைத்து, ஸ்விட்சைத் தள்ளி, பழைய டிரைவரை DDU-வால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஏஎம்டி தளத்து டிரைவரைப் போட்டேன். பேட்சர் இல்லாமலே ஏறியது. பெரும்பாலும் ஒரு பயாஸை மட்டும்தான் மாற்றுவார்கள், இன்னொன்று கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். OCCT-இல் கார்டின் மெமரியைச் சோதிக்கும் VRAM சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டினேன். பிழை 0. அப்புறம் இரண்டு மணி நேரக் கேம், HWiNFO-விலும் 0. கம்பெனி பயாஸிலும் பிழை வந்திருந்தால் சில்லுதான் போயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மறுபடி வேலந்தாவளம் தாண்டியிருப்பேன்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் ஏப்ரலில், பாலக்காட்டு வெயிலில், 83 டிகிரி வரை போய் விசிறி ஊளையிட்டது. கழற்றிப் பார்த்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதிது பூசியதும் 74-க்கு இறங்கியது. போன மழைக்காலத்தில் ஒரு விசிறியின் பேரிங் கரகரத்தது, 450 ரூபாய்க்கு மாற்றினேன். வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய விசிறி, இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. 1080பி-யில் நான் ஆடுகிற பழைய கேம்களுக்கு இது தாராளம். புதிய கேம்களில் சில இதில் ஓடவே ஓடாது, டிரைவர் அப்டேட்டும் இப்போதெல்லாம் எப்போதாவதுதான் வருகிறது.

மாதம் ஒரு தடவை HWiNFO-வைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்க்கிறேன். நேற்றும் 0-தான்.