மல்லாட்டை: முன்விலையா, அறுவடைநாள் விலையா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு விவசாயி பத்து குவிண்டால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விதைத்ததுமே வியாபாரியிடம் குவிண்டால் 6,000 ரூபாய் என எழுதிக்கொண்டால், பின்னர் விலை 5,000 ஆனாலும் 7,000 ஆனாலும் அவருக்கு 60,000 வரும். அறுவடைவரை காத்திருந்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் அதுவே 50,000 ஆகலாம், 70,000 ஆகவும் கூடும். கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கு முதல் வழியே நல்லது என்பேன்.

ஆனால் முன்விலை விலை இறக்கத்தைத் தாங்குமே தவிர விளைச்சல் குறைவைத் தாங்காது. காய் பிடிக்கும் நேரத்தில் மழை பொய்த்து ஆறே குவிண்டால் தேறினால், மீதி நான்கை 7,000க்கு வாங்கி 6,000க்குக் கொடுக்க நேர்ந்து 4,000 ரூபாய் நட்டமாகும். ஆகவே மானாவாரி நிலத்தில், மோசமான ஆண்டிலும் கிடைக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே முன்விலை பேச வேண்டும். காய்ந்த காயா, பச்சைக் காயா என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளாவிட்டால், எடைபோடும் நாளில் ஈரத்தைக் காட்டியே அந்த 6,000ஐக் குறைத்துவிடுவார்கள்.