ஐந்து நிமிட டெமோ: ஸ்லைடில் தொடங்குவதா, ஆப்பில் தொடங்குவதா?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ஒரு அணிக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், அதற்குப் பிறகு கேள்விகள். அந்த ஐந்து நிமிடத்துக்கு மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இரண்டு வகைதான். முதல் வகை ரிப்போர்ட்டின் வரிசையிலேயே போகும்: அறிமுகம், இப்போதுள்ள முறை, நாங்கள் முன்வைக்கும் முறை, ஆர்க்கிடெக்சர், மாட்யூல்கள், கடைசியில் டெமோ. இரண்டாவது வகையில் பிரச்சினையை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு நேராக ஆப்பைத் திறப்பார்கள், விளக்கம் அதன் பின்னால் வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஏன் என்பதை ஒரே ஆப்பை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆப் இது: விடுதி மாணவர்களுக்கான அவுட்பாஸ். மாணவர் போனில் விண்ணப்பிப்பார், வார்டன் தன் போனில் அனுமதி கொடுப்பார். உடனே மாணவருக்கு ஒரு கியூஆர் கோடு வரும். கேட்டில் காவலர் அதை ஸ்கேன் செய்ததும் வெளியே விடுவார்.

முதல் ஸ்கிரிப்டில் இது எப்படிப் போகும்? தலைப்பு, அணியினர் பெயர், கைடு பெயர் சொல்லவே 30 வினாடி. காகித அவுட்பாஸின் குறைகளுக்கு ஒரு நிமிடம். முன்வைக்கும் முறை, ஆர்க்கிடெக்சர் படம், எந்த மென்பொருளில் செய்தோம் என்பதற்கெல்லாம் இரண்டு நிமிடம். டெமோவுக்கு வரும்போது மூன்றரை நிமிடம் போயிருக்கும். லாகின் செய்து, படிவம் நிரப்பி, வார்டன் பக்கம் போவதற்குள் "இன்னும் ஒரு நிமிஷம்" என்று ரிவ்யூ குழுவில் ஒருவர் சொல்லிவிடுவார். கேட்டில் ஸ்கேன் செய்யும் இடம்தான் இந்த ஆப்பின் உயிர், அது காட்டப்படாமலேயே போய்விடும். நான்கு பேரும் ஆளுக்கொரு ஸ்லைடு பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மைக் கைமாறுவதிலும் நேரம் போகும்.

இரண்டாவது ஸ்கிரிப்டின் முதல் அரை நிமிடம் இப்படி இருக்கலாம்: "எங்கள் விடுதியில் வெள்ளிக்கிழமை மாலை அவுட்பாஸ் வாங்க வார்டன் அறை வாசலில் வரிசையில் நிற்கிறோம். காகிதத்தில் உள்ள கையெழுத்து உண்மையா என்று கேட்டில் இருப்பவருக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த இரண்டையும் சரிசெய்யும் ஆப் இது. இப்போது ஒரு அவுட்பாஸ் எடுத்துக் காட்டுகிறோம்."

அடுத்த இரண்டரை நிமிடம் ஒரே ஓட்டம். லாகின் முன்பே முடிந்திருக்க வேண்டும், ஓடிபி வருவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. விண்ணப்பம் 30 வினாடி, வார்டன் அனுமதி 20 வினாடி, கேட்டில் ஸ்கேன், திரையில் பச்சை. பெரும்பாலான அணிகள் இங்கே நிறுத்திவிடுகின்றன. நிறுத்தக் கூடாது. அதே கியூஆரின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு போனில் காட்டி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். "இந்தப் பாஸ் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று சிவப்பில் வரட்டும். வெளித்தேர்வாளர் கேட்க நினைத்த முதல் கேள்வி அநேகமாக அதுதான்: "ஸ்கிரீன்ஷாட்டை நண்பனுக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள்?" அவர் கேட்பதற்கு முன்பே பதிலைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்.

அந்தச் சிவப்புத் திரைக்குப் பிறகுதான் ஸ்லைடு வரவேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. ஆர்க்கிடெக்சர் படம்கூட வேண்டாம், இந்த இரண்டு வரி போதும்:

```sql
UPDATE outpass SET status='OUT'
WHERE token=? AND status='APPROVED';
```

"ஸ்கேன் செய்ததும் சர்வரில் ஓடுவது இது. டேபிளில் ஒரு வரிசை மாறினால் அனுமதி, ஒன்றுமே மாறாவிட்டால் மறுப்பு. நிலையை முதலில் படித்து, பிறகு தனியாக மாற்றினால், இரண்டு கேட்டில் ஒரே நொடியில் ஸ்கேன் செய்யும்போது இரண்டு பேருமே வெளியே போய்விட வாய்ப்பு உண்டு. அதனால் சரிபார்ப்பையும் மாற்றத்தையும் ஒரே கட்டளையில் வைத்தோம்." இந்த நான்கு வாக்கியம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். முதல் ஸ்கிரிப்டின் "டேட்டாபேஸ் மாட்யூல்" ஸ்லைடு எவ்வளவு நேரம் எடுத்தாலும் இதைச் சொல்லாது. மிச்ச நேரத்தில் யார் எதைச் செய்தார்கள் என்பதையும் ஒரு குறையையும் சொல்லுங்கள். கியூஆரைக் காட்டுபவர்தான் உண்மையில் அந்த மாணவரா என்பதைக் காவலர் திரையில் வரும் புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது இந்த ஆப்பின் எல்லை. அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது. கடைசி 20 வினாடியைக் காலியாக விடுங்கள், எங்காவது தடுமாறினால் கைகொடுக்கும்.

சரி, இரண்டாவது முறையில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. முதல் ஸ்கிரிப்டில் ஆப் ஓடாவிட்டாலும் மூன்றரை நிமிடம் பேசியிருப்பீர்கள். இதில் முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். நான் வழிகாட்டிய ஓர் அணி இலவச சர்வரில் பேக்கெண்டை வைத்திருந்தது. சிறிது நேரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் அந்த மாதிரி சர்வர் தூங்கிவிடும், எழுந்திருக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். அன்று எங்களுக்கு முன்னால் பேசிய அணிக்குக் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. எங்கள் முறை வந்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னோர் அணி கல்லூரி வைஃபையிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியது. ஐபி முகவரி மாறியதும் கிளவுட் டேட்டாபேஸ் அவர்களை உள்ளே விடவில்லை.

ஆகவே டெமோ அன்று சர்வரும் டேட்டாபேஸும் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடட்டும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப் டெர்மினலில் இதைக் கொடுங்கள்:

```
adb devices
adb -s SERIAL reverse tcp:3000 tcp:3000
```

போனில் `http://localhost:3000` என்று ஆப் கேட்பது இனி லேப்டாப்பின் 3000ஆம் போர்ட்டுக்குப் போகும், இணையமே வேண்டாம். முதல் கட்டளை காட்டும் எண்ணை SERIAL என்ற இடத்தில் போட்டு, போன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டளையைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் கொடுக்க வேண்டும், இதை மறந்துதான் பலர் தவிக்கிறார்கள். வார்டனுக்கு வரும் புஷ் நோட்டிஃபிகேஷனுக்கு இணையம் தேவை, அது தாமதமாகவும் வரலாம். "இப்போது நோட்டிஃபிகேஷன் வரும்" என்ற வரியை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். வார்டன் திரையைக் கீழே இழுத்துப் புதுப்பித்துக் காட்டினால் போதும்.

மூன்றாவதாக ஒரு வழியையும் மாணவர்கள் கேட்பார்கள்: முழு டெமோவையும் வீடியோவாகப் பதிவு செய்து ஓட்டிவிடலாமா? முதன்மை ஸ்கிரிப்டாக வேண்டாம். "நிறுத்துங்க, தேதியை மாத்திக் காட்டுங்க" என்று குழு சொன்னால் வீடியோவால் அதைச் செய்ய முடியாது. ஆனால் இரண்டரை நிமிட ஓட்டத்தை மட்டும் ஒலியில்லாமல் பதிவு செய்து லேப்டாப்பில் தயாராக வைத்திருங்கள். ஆப் 15 வினாடிக்கு மேல் நின்றுவிட்டால், "இதன் பதிவைக் காட்டுகிறோம்" என்று சொல்லி அதே வசனத்தைத் தொடருங்கள். ஒருவர் பேச, ஒருவர் போனை இயக்க, மூன்றாமவர் கையில் இந்த வீடியோ இருக்கட்டும். நான்காமவர் அந்த ஒரு ஸ்லைடைப் பேசலாம்.

முதல் ஸ்கிரிப்டை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. ஜீரோத் ரிவ்யூவில் காட்ட ஆப் இருக்காது. அங்கே பிரச்சினையும் இப்போதுள்ள முறையும்தான் பேச்சு, அந்த வரிசையே சரி. ப்ராஜெக்ட்டின் கனம் திரையில் தெரியாத இடத்தில் இருந்தாலும் அப்படித்தான். இலை நோயைக் கண்டுபிடிக்கும் ஆப் என்றால், படமெடுத்ததும் ஒரு பெயர் வருவதில் பெரிதாகக் காட்ட ஒன்றுமில்லை. எத்தனை படத்தில் பயிற்சி கொடுத்தோம், எந்த இரண்டு நோயை மாடல் குழப்பிக்கொள்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அது தவறும் ஓர் இலையையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்த டெமோ புரியும்.