கூரை வெக்கைக்கு வெற்றிடத் தகடு வாங்க முன் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில்தான் அப்பா படுக்கிறார். மேலே அஸ்பெஸ்டஸ் சீற், அதன் கீழ் இரண்டடி இடைவெளி, பிறகு சீலிங். அந்த அறையின் வெக்கையைக் குறைக்கவென்று, வெப்பக் காப்புப் பொருட்களை இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடைக்கு 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணம் வீணாகிவிட்டது என்பது நேற்றுத்தான் எனக்கு உறுதியானது.

கடைக்காரர் இருபது மில்லிமீற்றர் தடிப்புள்ள வெற்றிடத் தகடொன்றை இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, அதன் மேல் கொதிநீர்ப் பாத்திரத்தை ஏற்றி, "அண்ணன், கீழே கையை வைத்துப் பாருங்கள்" என்றார். பல நிமிடம் சென்றும் என் உள்ளங்கையில் சூடு படவில்லை. அந்த இடத்திலேயே நம்பிவிட்டேன்.

அவர் காட்டியது உண்மைதான். நுண்ணிய சிலிக்காப் பொடியை அழுத்தித் தகடாக்கி, உலோகப் பூச்சுள்ள உறைக்குள் இட்டு, காற்றை உறிஞ்சி மூடிவிடுகிறார்கள். அப்போது அதன் வெப்பங்கடத்து திறன் மீற்றர் கெல்வினுக்குச் சுமார் 0.005 வாற், சாதாரண றெஜிபோமுக்கு அது 0.035 அளவில் இருக்கும்; இந்த எண் குறையக் குறைய வெப்பம் குறைவாகக் கடக்கும். ஆனால் உறையில் ஊசித்துளை விழுந்தாலும் காற்றுப் புகுந்து அது 0.020 ஆகிவிடும். கடை அனுப்பிய வேலையாட்களோ, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பொருத்தும் சட்டகத்துக்குள் அடங்காத தகடுகளை வாளால் அறுத்து, மற்றவற்றின் ஊடாகத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். வெள்ளைப் பொடி கொட்டியதை அப்பா பார்த்திருக்கிறார். நல்ல தகட்டில் உறை சுருக்கங்களோடு இறுக ஒட்டிப் பலகைபோல் கடினமாக இருக்கும். எங்கள் தகடுகளின் உறையை விரலால் கிள்ளித் தூக்க முடிகிறது. 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய்க்கு நான் பெற்றது முப்பத்தைந்து மில்லிமீற்றர் றெஜிபோம் தரும் பயன்தான்.

தொலைபேசியில் அழைத்தபோது முதலில் "போகப் போகச் சரியாகும்" என்றார்கள். பிறகு முகாமையாளர் வெளியே என்றார்கள். மூன்றாவது முறை, பொருத்திய தகட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். பொருத்தியவர்களே அவர்களுடைய ஆட்கள்! கடைசியாக, இன்னும் பணம் கட்டினால், நுண்துளைகள் நிறைந்த மிக இலேசான காப்புப் பொருளான ஏரோஜெல்லில் செய்த போர்வை தருவதாகவும் அதை வெட்டலாம் என்றும் சொன்னார்கள். வெட்டலாம்தான். ஆனால் பத்து மில்லிமீற்றர் போர்வை ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் றெஜிபோமுக்குத்தான் சமம். இரண்டடி இடைவெளி சும்மா கிடக்கும் கூரையில் தடிப்பைக் குறைக்க நான் ஏன் இலட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டும்?

சுவர் தடித்தால் கொள்ளளவு குறைந்துவிடும் தடுப்பூசிப் பெட்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வெற்றிடத் தகட்டின் விலை தகும். நெருக்கமாக ஓடும் நீராவிக் குழாய்களுக்கு ஏரோஜெல் தகும். எங்களுடையதைப் போன்ற கூரைக்கு, சீற்றின் கீழ் காற்றிடைவெளி விட்டு இழுத்துக் கட்டிய அலுமினியத் தாளும் சீலிங்கின் மேல் கண்ணாடிக் கம்பளியும் போதும்.

அப்படியும் தகடு வாங்குபவர்கள் சட்டகத்தின் அளவைக் கொடுத்து அதற்கேற்பச் செய்வியுங்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்; துளைக்கும் கருவியை எடுத்தால் உடனே நிறுத்துங்கள்.