அதிகம் விற்ற கேக்தான் கையைக் கடித்தது

வீட்டில் கேக் செய்து டெலிவரி செயலி வழியாக விற்பவர்கள், வாரக் கடைசியில் வங்கிக்கு வரும் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். நான் அப்படித்தான் இருந்தேன். ஃபிரெஷ் கிரீம் பூசிய என் இரண்டடுக்குச் சாக்லேட் கேக்குக்கே ஆர்டர்கள் குவிந்தன. ஆனாலும் மாவும் வெண்ணெயும் வாங்கக் கைக்காசைப் போட வேண்டியிருந்தது. சந்தேகம் வந்து, கணக்கறிக்கையை இறக்கி, ஆர்டர் எண் வாரியாக ஒப்பிட்டேன்.

கேக்கின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் என் பங்கு 10 போக, வாடிக்கையாளர் செலுத்துவது 90. கமிஷனோ தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கு 25. பணம் வசூலிக்கும் கட்டணம் 2. மீதி 63. பொருள்கள், பெட்டி, அடிப்பலகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 51 ஆகிறது. மிஞ்சுவது 12. என் உழைப்புக்கு இதில் கூலி போடவில்லை. போட்டால் அழுகைதான் வரும்.

அந்த 12-ஐயும் தின்றவை திரும்பிய ஆர்டர்கள். வாடிக்கையாளர் புகார் செய்தால், என்னைக் கேட்காமலே அந்த 90 முழுவதும் அவருக்குத் திருப்பித் தரப்படுகிறது. கமிஷனும் கட்டணமுமான 27 எனக்குத் திரும்புவதில்லை. செய்த செலவு 51-ஐயும் சேர்த்தால் ஒரு கேக்குக்கு 78 நஷ்டம். அதை ஈடுகட்ட ஆறரைக் கேக் விற்க வேண்டும். ஒரு வாரத்தில் 20 கேக்குகளில் 3 திரும்பின: 17 கேக்கில் வந்த லாபம் 204, மூன்றில் போனது 234. பிடித்தமும் அந்த வார அறிக்கையில் வராமல், அடுத்த வாரத்தில் ஆர்டர் எண்ணே இல்லாமல் 'சரிக்கட்டல்' என்ற ஒற்றை வரியாக வந்ததால், எந்தக் கேக்குக்காகப் பிடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போனது.

புகார்ப் படங்களைக் கேட்டு வாங்கினேன். மூன்றிலும் கிரீம் முழுவதும் பெட்டியின் ஒரே பக்கச் சுவரில் ஒட்டியிருந்தது. அடிப்பலகையோ வளையாமல் நேராக இருந்தது. பெட்டியைச் சாய்த்துக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மூடுவதற்கு முன் நான் எடுத்த படங்களை அனுப்பியும், பேக்கிங் சரியில்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. முறையிடுவதற்கான கெடுவும், பிடித்தம் என் கண்ணில் படுவதற்கு முன்பே முடிந்திருந்தது.

உயரமான, கிரீம் பூசிய கேக் வெயிலிலும் குலுங்கும் வண்டியிலும் தாக்குப்பிடிக்காது என்பதை நானும் முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது செயலியில் கிரீம் இல்லாத லோஃப் கேக் மட்டுமே போடுகிறேன். சாக்லேட் கேக்கை நேரில் வந்து வாங்குபவர்களுக்கே தருகிறேன், அதையும் அவர்கள் எதிரிலேயே பெட்டியைத் திறந்து காட்டிய பிறகு.