‘க்ளீனா, மாடர்னா இருக்கணும்’: கேட்கும் மூன்று வழிகளில் எது உருப்படியானது?

“மாடர்னா இருக்கணும், க்ளீனா இருக்கணும். மத்தபடி உங்க இஷ்டம்.” வெப் டிசைனருக்கு க்ளையண்டிடமிருந்து கிடைக்கும் குறிப்பு பல சமயம் இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. முதல் வரைவு போனதுமே அந்த இஷ்டம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டு சொற்களையும் செய்து காட்டக்கூடிய முடிவுகளாக மாற்றப் பொதுவாக மூன்று வழிகளில் விசாரிக்கிறார்கள். ‘க்ளீன் என்றால் உங்களுக்கு என்ன?’ என்று நேராகக் கேட்பது ஒன்று. பிடித்த தளங்களை அனுப்பச் சொல்லி, அவற்றை ஒரு மூட்போர்டாக அடுக்கி, அதை வைத்துப் பேசுவது இன்னொன்று. ஒரே பக்கத்தை, ஒரு படத்தில் ஒரே வகை மாற்றம் என்ற கணக்கில், இரண்டு விதமாகக் காட்டி, ‘இதுவா, அதுவா?’ என்று கேட்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வேலையில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் முகப்புப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். மேலே தானாக ஓடும் ஐந்து படங்கள். மெனுவில் ஒன்பது தலைப்புகள். அதன் கீழே எட்டு சிகிச்சைகள், ஒவ்வொன்றும் கட்டம் போட்ட பெட்டிக்குள். திறந்திருக்கும் நேரமும் தொலைபேசி எண்ணும் பக்கத்தின் அடியில். கிளினிக்கை நடத்தும் டாக்டர்தான் க்ளையண்ட்.

நேர்க் கேள்விக்கு என்ன பதில் வரும்? “க்ளீன்னா... ஒரு ப்ரொஃபஷனல் லுக், கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா.” கைக்கு வந்தது இன்னும் இரண்டு அடைமொழிகள். இதில் டாக்டரின் தவறு எதுவும் இல்லை. ஒரு பக்கம் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தவுடன் அவரால் சொல்ல முடியும். பார்க்காமல், வரிக்கு வரி இடைவெளி எவ்வளவு, எத்தனை நிறம் என்ற கணக்கில் சொல்ல அவருக்கு வழி இல்லை. அது நம் தொழில்.

அதே கேள்வியைத் திருப்பிப் போட்டால் கதை மாறுகிறது. எது க்ளீன் என்று கேட்காமல், இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்து, “இதுல எது க்ளீனா இல்லை? விரலை வெச்சுக் காட்டுங்க டாக்டர்” என்று கேட்க வேண்டும். “இந்தப் படம் ஓடிக்கிட்டே இருக்கே, அதான் எரிச்சல்.” சரி, ஒன்று கிடைத்தது. அடுத்த கேள்வி: “இதனால யாருக்காவது ஏதாவது தப்பாப் போச்சா?” “நாங்க எத்தனை மணிக்குத் திறப்போம்னு கேட்டு ஓயாம போன் வருது. எல்லாம் அதுலயே இருக்கு, ஆனா யாரும் பாக்கறதில்லை.” டாக்டர் க்ளீன் என்று சொன்னபோது மனதில் இருந்ததில் ஒரு பகுதி அழகே அல்ல, தேடினால் கிடைக்கவில்லை என்ற புகார். வெள்ளை இடத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தப் புகார் தீராது, நேரத்தை மேலே கொண்டுவந்தால்தான் தீரும். ஆக, நேர்க் கேள்வி மோசமான வழி இல்லை. விருப்பத்தைக் கேட்டால் தோற்கும், உறுத்தலைக் கேட்டால் வேலை செய்யும்.

மூட்போர்டு வழியில் டாக்டர் மூன்று இணைப்புகள் அனுப்புகிறார். ஒரு ஃபோன் தயாரிப்பாளரின் பக்கம், ஒரு மலை விடுதி, ஒரு மரச்சாமான் கடை. மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தால், திரையை அடைத்த ஒரு நல்ல புகைப்படமும் நாலைந்து சொற்களும்தான். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். அந்தப் பக்கத்தின் லேஅவுட்டை அப்படியே எடுத்துவந்து கிளினிக்கின் எட்டு சிகிச்சைகளை அதில் திணிக்கப் பார்ப்பார்கள். ஒரு திரையில் ஒரே பொருளை விற்கும் தளத்துக்கு வெறுமை சுலபம். கிளினிக்குக்கு அப்படி இல்லை.

அதனால் ரெஃபரன்ஸ் வந்தால் அதன் மேல் இரண்டு கேள்விகள் அவசியம். முதலாவது, “இந்தப் படம் இல்லைன்னாலும் பிடிக்குமா?” வாயால் கேட்டு விட்டுவிட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் படத்தின் மேல் சாம்பல் பெட்டி ஒன்றை ஒட்டிக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் விரும்பியது லேஅவுட்டை அல்ல, புகைப்படத்தை. இரண்டாவது, “உங்க எட்டு சிகிச்சையும் இதுல எங்க வரும்?” இதற்கு அவர் யோசிக்கும் நேரமே பதில். சிகிச்சைகளைக் குறைக்கச் சம்மதமா, வேறு பக்கத்துக்குத் தள்ளச் சம்மதமா என்ற பேச்சு அங்கே தானாகவே தொடங்கும்.

நிறம், புகைப்படத்தின் வெளிச்சம், பக்கத்தின் பொதுவான மனநிலை ஆகியவற்றைப் பேச மூட்போர்டுக்கு இணை இல்லை. ஆனால் இடைவெளி, அடுக்கு, எதை முதலில் காட்டுவது போன்றவற்றில் அது நம்மை ஏமாற்றும், ஏனென்றால் அதில் இருப்பது அடுத்தவர் சரக்கு.

மூன்றாவதான ஜோடி முறை கையில் கொஞ்சம் வேலை வாங்கும். நேர்க் கேள்விக்கு ஒரு நிமிடம் போதும், ஜோடிகளைத் தயாரிக்க அரை நாள்கூட ஆகலாம். விதி ஒன்றுதான்: இரண்டு படத்திலும் க்ளையண்டின் சொந்தச் சரக்கே இருக்க வேண்டும், ஒரு படத்தில் ஒரே வகை மாற்றம்தான் இருக்க வேண்டும். நிரல் எழுதத் தேவையில்லை, படமாக இருந்தால் போதும். ஆனால் எங்கே பார்க்கப் போகிறார்களோ அங்கேயே காட்ட வேண்டும். நோயாளிகள் ஃபோனில் பார்ப்பார்கள் என்றால் ஃபோனில், முழு அளவில்.

‘க்ளீன்’ என்பதற்கு முதல் ஜோடி இது. ஒன்றில் எதையும் நீக்கவில்லை, பகுதிகளுக்கு நடுவே 24 பிக்சலாக இருந்த இடைவெளி மட்டும் 64 ஆகிறது. பக்கம் மூச்சு விடுகிறது, ஆனால் நீளமாகிறது. மற்றதில் இடைவெளி அதே 24. மெனு ஒன்பதிலிருந்து நான்காகிறது, எட்டு சிகிச்சைகளில் மூன்று மட்டும் தெரிகின்றன, மற்றவை ஒரு இணைப்புக்குப் பின்னால் போகின்றன. டாக்டர் தயங்காமல் இரண்டாவதைத் தொடுகிறார். அவர் கேட்ட க்ளீன், காற்றோட்டம் அல்ல, குறைவு. டிசைனர்களாகிய நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கை தானாக மார்ஜின் பக்கம் போகும். இந்த ஒரு ஜோடி அதைத் தடுக்கிறது.

அடுத்த ஜோடி பெட்டிகளின் கட்டக்கோடு பற்றியது. கோடு இருக்கும் படம், இல்லாத படம். “ரெண்டும் ஒண்ணுதானே?” என்கிறார். இதுவும் உருப்படியான பதில்தான். அந்த விஷயத்தில் முடிவு டிசைனருடையது, அதைப் பற்றிக் கூட்டத்தில் பேசி நேரம் கழிக்க வேண்டியதில்லை.

‘மாடர்ன்’ இன்னும் சுவாரசியம். இப்போதைய பக்கத்தை ஒரு பக்கம் வைத்து, எதிரே மூன்று மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காட்டலாம். முதலில் தலைப்பு எழுத்துரு மட்டும் மாறுகிறது, அப்புறம் நிறம் மட்டும், கடைசியில் புகைப்படம் மட்டும். எழுத்துருவுக்கு டாக்டரிடம் அசைவே இல்லை. நிறத்தை மாற்றியதும், “எங்க வாசல் போர்டுல இருக்கற நீலம் இது, அத மாத்தாதீங்க.” விலைக்கு வாங்கிய கைகுலுக்கும் படத்தை எடுத்துவிட்டு, கிளினிக்கின் உடற்பயிற்சி அறையைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் வந்ததும், “ஆங், இதுதான்.” எழுத்துரு உரிமத்துக்கு ஒதுக்கிய பணமும் புதிய நிறத்தொகுப்புக்கு ஒதுக்கிய நாட்களும் ஒரு புகைப்படக்காரருக்குப் போக வேண்டியவை என்பது இந்த ஒரு நொடியில் தெரிகிறது. மூட்போர்டைத் துருவியிருந்தாலும் இங்கே வந்திருக்கலாம், ஆனால் எழுத்துரு தேவையில்லை என்பதை அது சொல்லியிருக்காது.

இந்த முறைக்கும் ஓட்டைகள் உண்டு. ஜோடிகள் அதிகமானால் கண் களைத்து, எதையாவது தொட்டுவிட்டு முடிக்கவே தோன்றும். ஐந்தாறோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நடுவில் ஒரு ஜோடியை இடம் வலம் மாற்றி மீண்டும் காட்டிப் பாருங்கள். பதில் மாறினால் அந்த விஷயத்தில் அவருக்கு உறுதியான கருத்து இல்லை என்று அர்த்தம். ‘பழசு’, ‘புதுசு’ என்று பெயர் போட்டுக் காட்டினால் அவர் பெயரைத்தான் தேர்ந்தெடுப்பார்.

பெரிய ஓட்டை வேறு. க்ளையண்டின் கண் பயனாளரின் கண் அல்ல. வெள்ளைப் பின்னணியில் மெலிந்த சாம்பல் எழுத்து ‘க்ளீன்’ ஆகத் தெரியும், டாக்டர் அதைத் தேர்ந்தெடுக்கவும் கூடும். ஆனால் வெள்ளையில் #999999 என்ற சாம்பல் நிறத்தின் மாறுபாடு, அதாவது பின்னணியிலிருந்து எழுத்து எவ்வளவு தனித்துத் தெரிகிறது என்ற விகிதம், 2.8:1 அளவுதான். இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்கான WCAG வழிகாட்டியின் AA நிலை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. இன்னும் கொஞ்சம் அடர்த்தியான சாம்பலான #767676 அந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. வருபவர்களில் முதியவர்கள் நிறைய என்றால் இந்த ஜோடியைக் காட்டவே கூடாது. எதைத் தேர்ந்தாலும் செய்யத் தயாராக இருக்கும் இரண்டை மட்டும் காட்டுவதுதான் முறை. பிறகு மறுக்க வேண்டிவந்தால் கேள்வியே நாடகமாகிவிடும்.

எந்த வழியில் கேட்டாலும், கிடைத்ததை எழுதிக் கையில் கொடுக்காவிட்டால் இரண்டு வாரத்தில் பேச்சு மறுபடியும் அடைமொழிக்கே திரும்பும். இந்த வேலைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். க்ளீன் என்றால்: ஃபோனில் உருட்டாமலே நேரம், தொலைபேசி எண், முன்பதிவு பட்டன் மூன்றும் தெரியும், மெனுவில் நான்குக்கு மேல் இருக்காது, எதுவும் தானாக நகராது. மாடர்ன் என்றால்: கிளினிக்கின் சொந்தப் படங்கள், பகல் வெளிச்சத்தில், போர்டில் உள்ள நீலம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு வரியையும் மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். பின்னாளில் “இன்னும் க்ளீனா இல்லையே” என்று வந்தால் இந்த வரிகளை எடுத்து வைத்து எது தவறியது என்று பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் அந்தச் சொல்லுக்குப் புது அர்த்தம் ஒன்று சேர்ந்திருக்கிறது, அதற்குப் புது ஜோடி தேவை. அது ரிவிஷன் கணக்கில் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

என் வரிசை இது. பழைய பக்கம் இருந்தால் விரல் வைக்கும் கேள்வி முதலில், பிறகு ஜோடிகள். ரெஃபரன்ஸை நிறத்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் பயன்படுத்துவேன். புதிதாகத் தொடங்கும் நிறுவனம், கையில் சரக்கே இல்லை என்றால் ரெஃபரன்ஸில் தொடங்குவதைத் தவிர வழியில்லை. ஆனால் சாம்பல் பெட்டியை மறக்கக் கூடாது. பங்குதாரர்கள் இருவர் இருக்கும் இடத்தில் ஜோடிகளை இருவருக்கும் தனித்தனியாக, ஒருவர் பதிலை மற்றவர் கேட்பதற்கு முன் காட்ட வேண்டும். இருவரும் பிரியும் ஜோடி எதுவோ, அதை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்தால் போதும்.